ஒரே வரி, இரண்டு காரணங்கள்: செயலி ஏன் கைபேசிக்குப் பொருந்துவதில்லை?

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியைத் தேடிப்போனால், சில நேரம் நிறுவுவதற்கான பொத்தானுக்குப் பதிலாக Your device isn't compatible with this version என்ற வரி மட்டும் தெரியும். அந்த வரி காரணம் சொல்லாது. திரையின் அளவு, நாடு, கேமரா போன்ற ஒரு வசதி இல்லாமை என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பழைய கைபேசிகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: கைபேசியில் உள்ள ஆண்ட்ராய்டின் பதிப்பு செயலிக்குப் போதவில்லை, அல்லது அதன் பிராசஸர் வகைக்குரிய கோப்பு அந்தச் செயலியில் இல்லை. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். அவற்றுக்கான வழிகளும் வேறு.

முதலில் பதிப்பு. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும், மக்கள் அறிந்த பெயரோடு ஏபிஐ எண் என்ற ஒன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு 5.0இன் ஏபிஐ எண் 21; 6.0க்கு 23; 7.0க்கு 24; 8.0க்கு 26, 14க்கு 34. செயலியை உருவாக்குபவர் அதன் அடையாளக் குறிப்பில் minSdkVersion என்ற இடத்தில் ஓர் எண்ணை எழுதுகிறார். அந்த எண்ணுக்குக் கீழே உள்ள கைபேசிகளில் செயலியை நிறுவ முடியாது. பிளே ஸ்டோர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் செயலியை மறைக்கிறது. கோப்பை வேறு வழியில் கொண்டுவந்து நிறுவ முயன்றாலும், கைபேசியே அதே எண்ணைப் பார்த்து மறுத்துவிடும்.

இந்த எண் வெறும் வாயிற்காவல் அல்ல. ஒவ்வொரு பதிப்பிலும் செயலிகள் அழைத்துப் பயன்படுத்தும் புதிய பகுதிகள் சேர்கின்றன. அறிவிப்புகளை வகை பிரித்துக் காட்டும் NotificationChannel என்ற பகுதி ஆண்ட்ராய்டு 8.0இல்தான் வந்தது. அதைச் சரிபார்க்காமல் நேராக அழைக்கும் செயலியை ஆண்ட்ராய்டு 7 உள்ள கைபேசியில் எப்படியோ நிறுவிவிட்டாலும், அந்த இடத்துக்கு வந்ததும் அது நின்றுவிடும். அழைக்கப்படும் பொருள் அந்தக் கைபேசியில் இல்லை என்பதே காரணம். குறிப்பில் உள்ள எண்ணைத் திருத்திப் பழைய கைபேசியை ஏமாற்ற முயல்பவர்களுக்கு இதுதான் நேர்கிறது. திருத்திய கோப்பில் செயலியின் டிஜிட்டல் கையொப்பமும் முறிந்துபோகும் என்பதால், வேறு கையொப்பமிட்டால்தான் நிறுவவே முடியும்.

செயலியை எழுதியவர் விரும்பாமலேயே இந்த எண் உயர்வதும் உண்டு. இன்றைய செயலிகள் முழுக்க ஒருவர் கையால் எழுதப்படுபவை அல்ல. பிறர் எழுதிய லைப்ரரிகளை அடுக்கிக் கட்டப்படுபவை. கூகுளின் ஜெட்பேக் லைப்ரரிகள் முதலில் ஏபிஐ 14 முதல் ஏற்றன; 2023இல் அதை 19க்கும், பிறகு 21க்கும் உயர்த்தின. லைப்ரரியின் புதிய பதிப்பைச் சேர்க்கும் செயலியும் கூடவே உயர வேண்டியதுதான். கூகுள் குரோம் உலாவியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். ஆண்ட்ராய்டு 6 உள்ள கைபேசிக்குக் கிடைக்கும் கடைசிக் குரோம் 106. ஆண்ட்ராய்டு 7க்கு 119. ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் 138. அதற்கு மேற்பட்டவை அந்தக் கைபேசிகளில் ஏறாது.

இரண்டாவது காரணம் பிராசஸர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜாவா அல்லது கோட்லின் மொழியில் மட்டும் எழுதப்பட்ட செயலி, பிராசஸர் எதுவானாலும் கவலைப்படாது. அதன் நிரல் நேரடியாகப் பிராசஸரின் கட்டளைகளாக இல்லாமல் இடைநிலை வடிவத்தில் இருக்கும். கைபேசியில் உள்ள ஆண்ட்ராய்டே அதைத் தன் பிராசஸருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். ஆனால் விளையாட்டுகள், வீடியோ திருத்தும் செயலிகள், உலாவிகள் போன்றவை வேகத்துக்காக சி, சி++ மொழிகளில் எழுதிய பகுதிகளையும் சேர்த்து வருகின்றன. இவை .so என்று முடியும் கோப்புகள். ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் இவற்றைத் தனித்தனியே தயாரிக்க வேண்டும். செயலியின் கோப்பைத் திறந்து பார்த்தால் lib என்ற உறைக்குள் armeabi-v7a, arm64-v8a, x86, x86_64 போன்ற பெயர்களில் அவை இருக்கும். முதலாவது 32 பிட் ஆர்ம் பிராசஸருக்கு, இரண்டாவது 64 பிட் ஆர்முக்கு, மற்ற இரண்டும் இன்டெல் வகைக்கு. இந்த உறைகளில் கைபேசிக்கு உரிய ஒன்றுகூட இல்லாவிட்டால் செயலி பொருந்தாது.

ஏசூஸ் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த ஜென்ஃபோன் 2 இன்டெல் ஆட்டம் பிராசஸரில் ஓடியது. ஆர்முக்கு மட்டும் தயாரான செயலிகளை ஓட்ட, இன்டெல் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை அதில் வைத்திருந்தது. அதனால் பல செயலிகள் ஓடின. ஆனால் எல்லாமே ஓடவில்லை. 2016இல் இன்டெல் கைபேசி பிராசஸர் முயற்சியைக் கைவிட்டது. இன்று கைபேசிகளில் கேள்வி ஆர்ம் வகையின் 32 பிட்டா, 64 பிட்டா என்பது மட்டும்தான்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பெட்டியில் 64 பிட் பிராசஸர் என்று அச்சிட்டிருந்தும் கைபேசி 64 பிட் செயலியை ஏற்க மறுக்கலாம். 2015 ஜூலையில் வெளிவந்த மோட்டோ ஜி மூன்றாம் தலைமுறைக் கைபேசியைப் பார்க்கலாம். அதில் ஸ்னாப்டிராகன் 410 பிராசஸர். அதன் கார்டெக்ஸ் ஏ53 கருக்கள் 64 பிட் திறன் கொண்டவை. ஆனால் மோட்டோரோலா அதில் ஏற்றியது 32 பிட் ஆண்ட்ராய்டு. ராம் நினைவகம் 1 ஜிபி அல்லது 2 ஜிபிதான் இருந்த காலம் அது. 64 பிட் முறையில் ஒவ்வொரு முகவரியும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறிய நினைவகத்துக்கு 32 பிட் இலகுவாக இருந்தது. அந்தக் கைபேசியைக் கணினியோடு இணைத்து adb வழியே இரண்டு கேள்விகள் கேட்கலாம்:

```
adb shell getprop ro.build.version.sdk
adb shell getprop ro.product.cpu.abilist
```

ஆண்ட்ராய்டு 6.0க்குப் புதுப்பிக்கப்பட்ட மோட்டோ ஜி, முதல் கேள்விக்கு 23 என்று பதில் சொல்லும். இரண்டாவதற்கு வரும் பதிலில் armeabi-v7a, armeabi என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்கும், arm64-v8a இருக்காது. சிலிக்கானில் திறன் இருந்தாலும் இயங்குதளம் அதை வெளியே காட்டவில்லை. செயலிகளைப் பொறுத்தவரை இயங்குதளம் சொல்லும் பட்டியலே செல்லும்.

இந்தக் கைபேசியில் ஆண்ட்ராய்டு 7 கேட்கும் செயலியை adb வழியே நிறுவ முயன்றால் INSTALL_FAILED_OLDER_SDK என்று வரும். 64 பிட் கோப்பு மட்டும் உள்ள செயலிக்கு INSTALL_FAILED_NO_MATCHING_ABIS என்று வரும். பிளே ஸ்டோரின் ஒற்றை வரி மறைத்துவைத்த காரணத்தை இந்த இரண்டு பெயர்களும் போட்டுடைத்துவிடுகின்றன. கணினி இல்லாதவர்கள் கைபேசி அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்க்கலாம். பிராசஸர் பட்டியலை ஏஐடிஏ64 போன்ற தகவல் செயலிகள் காட்டும்.

சுவர் எதிர்ப்பக்கமும் எழுந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் முதல், .so கோப்புகள் உள்ள செயலிகள் 64 பிட் வடிவத்தையும் தர வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு, 64 பிட் வடிவம் இல்லாத செயலிகளை 64 பிட் கைபேசிகளுக்கு அது காட்டுவதில்லை. அந்தக் கைபேசிகள் பலவற்றால் 32 பிட் செயலியையும் ஓட்ட முடியும் என்றாலும் அப்படித்தான். 2022இல் வந்த கூகுள் பிக்சல் 7 அந்த வாய்ப்பையும் மூடியது; அதன் ஆண்ட்ராய்டு 64 பிட் செயலிகளை மட்டுமே ஏற்கிறது. ஆகவே எழுதியவர் கைவிட்ட பழைய 32 பிட் விளையாட்டு ஒன்று, பத்தாண்டுப் பழைய கைபேசியில் ஓடும். விலையுயர்ந்த புதிய கைபேசியில் ஏறவே ஏறாது.

பதிப்பிலும் இதே போக்கு உண்டு. செயலி எந்தப் பதிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் targetSdkVersion எண் 23க்குக் கீழே இருந்தால், ஆண்ட்ராய்டு 14 அதை நிறுவ விடாது. ஆண்ட்ராய்டு 15இல் அந்த வரம்பு 24. ஆண்ட்ராய்டு 6.0க்கு முன்பு, செயலி கேட்கும் அனுமதிகள் அனைத்தும் நிறுவும்போதே மொத்தமாகக் கிடைத்துவிட்டன. அந்தச் சலுகையைப் பெறுவதற்காகவே தீங்கு செய்யும் செயலிகள் பழைய எண்ணைப் போட்டுக்கொண்டு வந்ததால் இந்தத் தடை வந்தது.

நண்பரின் கைபேசியிலிருந்து கோப்பை நகலெடுத்து வந்தால் மூன்றாவது வகைச் சிக்கல் வரலாம். இப்போது பிளே ஸ்டோர் ஒரு செயலியை ஒரே கோப்பாக அனுப்புவதில்லை. அடிப்படைக் கோப்பு ஒன்று, பிராசஸருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று அந்தந்தக் கைபேசிக்குத் தேவையானதை மட்டும் பிரித்து அனுப்புகிறது. அதில் அடிப்படைக் கோப்பை மட்டும் எடுத்து வந்தால் நிறுவல் தோற்கும். நிறுவப்பட்டாலும் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். எல்லாத் துண்டுகளையும் எடுத்து வந்தாலும், அவை நண்பரின் பிராசஸருக்கு உரியவையாகவே இருக்கும்.

எது காரணம் என்று தெரிந்த பிறகு செய்வதற்கு அதிகமில்லை, ஆனால் அது தெளிவானது. பதிப்பு குறைவென்றால், முதலில் கைபேசிக்கு இயங்குதளப் புதுப்பிப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செயலியின் பழைய பதிப்பு ஒன்று ஏற்கலாம். செயலியை உருவாக்கியவர் விட்டுவைத்திருந்தால், பழைய கைபேசிக்கு ஏற்ற பதிப்பைப் பிளே ஸ்டோரே தரும். வங்கி, கட்டணச் செயலிகளுக்கு இந்த வழி உதவாது. பழைய பதிப்பை அவற்றின் சர்வர்கள் ஏற்காமல் போகலாம். அதே சேவைக்கு இணையதளம் இருந்தால் உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். பிராசஸர்தான் காரணம் என்றால், அந்த வகைக்குரிய கோப்பைச் செயலியின் உரிமையாளர் தனியே வெளியிட்டிருக்கிறாரா என்று தேடலாம். வெளியிடவில்லை என்றால் அமைப்புகளில் எந்தப் பொத்தானும் அதைச் சரிசெய்யாது. இயங்குதளப் புதுப்பிப்பு ஏபிஐ எண்ணை உயர்த்தும்; 32 பிட் ஆண்ட்ராய்டோடு விற்கப்பட்ட கைபேசியை அது வழக்கமாக 64 பிட்டாக ஆக்குவதில்லை. மோட்டோ ஜி 5.1.1இலிருந்து 6.0க்குப் போனபோதும் 32 பிட்டாகவே இருந்தது.