கைக்குழந்தைக்கு மரத்துப்போகும் கிரீம்: எவ்வளவு, எவ்வளவு நேரம்?

ஊசியின் வலி தெரியாமல் இருக்க, லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த கிரீமை டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். கைக்குழந்தைக்கு இதன் அளவு கூடக் கூடாது என்பதை நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 3 மாதம் ஆகும்வரை 1 கிராம் போதும். அது 5 கிராம் டியூபில் ஐந்தில் ஒரு பங்கு. 3 மாதம் முதல் 1 வயது வரை, எடை 5 கிலோவுக்கு மேல் இருந்தால் 2 கிராம். இது மொத்த அளவு. 4 மாதக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க இரு முழங்கை மடிப்பிலும் தடவினால், கைக்கு 1 கிராம்தான்.

தேய்க்காமல் திட்டாக வைத்து, ஒட்டும் பிளாஸ்டிக் உறையால் மூடி, 1 மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு ஊசி போடலாம். தோல் சற்று வெளுப்பது இயல்பு. குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு இது பலன் தராது.

அளவோ நேரமோ மீறினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். உதடு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் கிரீமைத் துடைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும், ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கும், சல்பா மருந்து சாப்பிடும் குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் தடவக் கூடாது.