படுத்ததும் தொடங்கும் அரிப்பு

என் தங்கைக்கு ஒன்பது வயது. எங்கள் இருவருக்கும் ஒரே அறை. போன வருடம் பல இரவுகளில் என் நித்திரையைக் கெடுத்தது அவள் சொறியும் சத்தம்தான். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பில் சிறு சிறு இரத்தப் பொட்டுகள். "ராத்திரி சொறிஞ்சியா மகள்?" என்று உம்மா கேட்டால், "எனக்குத் தெரியாதே உம்மா" என்பாள். அது பொய்யல்ல. நித்திரையிலேயே கை தானாகப் போய்விடும். அடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழுவதாக ஆசிரியையிடமிருந்து முறைப்பாடு வரும்.

முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், ஸ்கார்ஃப் உரசி வியர்க்கும் கழுத்து ஆகிய இடங்களில்தான் அவளுக்கு அதிகம். உம்மம்மா வேப்பிலை அவித்த சுடுதண்ணீரில், கிருமிநாசினியும் கொஞ்சம் கலந்து குளிப்பாட்டுவார். குளிக்கும்போது சுகமாக இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பிவிடும். தோல் வைத்தியர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது எக்ஸிமா. கிருமியால் வந்ததல்ல, கழுவக் கழுவக் குறையாது."

அவர் விளக்கியது இதுதான். தோலின் மேற்படை ஒரு செங்கல் சுவர் போன்றது. கற்களுக்கிடையே உள்ள சாந்துதான் தோலின் கொழுப்பு. எக்ஸிமா உள்ளவர்களுக்கு அந்தச் சாந்து குறைவு. அதனால் ஈரம் வெளியே போகிறது, தூசியும் சவர்க்காரமும் உள்ளே புகுகின்றன. தோல் அழற்சியடைந்து அரிக்கிறது. சொறிந்தால் நகம் சுவரை இன்னும் உடைக்கிறது, அழற்சி கூடுகிறது, மீண்டும் அரிக்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் அந்த இடம் தடித்துக் கறுக்கும். சூடான தண்ணீர் மிச்சமிருக்கும் கொழுப்பையும் கரைத்துவிடும்.

இரவில் ஏன் கூடுகிறது? மாலைக்குப் பின் தோலின் சூடு சற்று ஏறுகிறது, ஈரம் இழப்பதும் கூடுகிறது. அழற்சியை அடக்கும் கோட்டிசோல் என்ற ஓமோன் இரவில் மிகக் குறைகிறது. போதாததற்கு, பகலில் விளையாட்டும் பேச்சும் மறைத்து வைத்த அரிப்பு, இருட்டில் தனியாக மேலெழுகிறது.

இப்போது எங்கள் வீட்டு முறை இது. இரவு ஏழரைக்கு, வெதுவெதுப்பும் குறைந்த தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல். வாசனைச் சவர்க்காரம் இல்லை. துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறோம். ஈரம் காயுமுன், சில நிமிடங்களுக்குள், வாசனையற்ற ஒயின்ட்மென்ட்டை உரோமம் வளரும் திசையில் தடவுகிறோம். நாங்கள் செய்த பெரிய பிழை கஞ்சத்தனம்தான். கடலையளவு தடவி ஒரு டியூபை மூன்று மாதம் வைத்திருந்தோம். பூசிய பின் தோல் பளபளக்க வேண்டும். அந்தத் துணிகளில் எண்ணெய்ப் பசை ஊறுவதால் எளிதில் தீப்பற்றும், ஆகவே நுளம்புச் சுருளைக் கட்டிலுக்குத் தூரமாக வைக்கிறோம்.

அரை மணித்தியாலம் கழித்து, சிவந்த இடங்களில் மட்டும் வைத்தியர் தந்த ஸ்டெரொயிட் கிறீம். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு, விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். உம்மா பயத்தில் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார், மூன்றாம் நாள் மீண்டும் சிவக்கும். சிவப்பும் அரிப்பும் அடங்கும் வரை, வைத்தியர் சொன்ன நாள் வரை பூசி, பின்பு நிறுத்தச் சொன்னார். பக்கத்து வீட்டு டியூபை மட்டும் கடன் வாங்கக் கூடாது. படர்தாமரையில் பூசினால் அது உருமாறிப் பரவும்.

நகத்தைக் குட்டையாக வெட்டி, தளர்வான பருத்திச் சட்டையோடு, மின்விசிறியின் கீழ் படுக்க வைக்கிறோம். நடு இரவில் "தாத்தா, கடிக்குது" என்று எழுப்பினால், நனைத்த குளிர்ந்த துணியை ஐந்து நிமிடம் வைத்து மறுபடி ஒயின்ட்மென்ட் பூசுவேன். சொறிவதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்தப் பழக்கியிருக்கிறேன். தூக்கம் வரும் ஒவ்வாமை மாத்திரை கேட்டபோது வைத்தியர் தயங்கினார். அது மயக்கம் தருமே தவிர எக்ஸிமாவின் அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது, காலையில் வகுப்பிலும் தூக்கம் தொடரும் என்றார்.

ஒரு விடயத்தில் பெற்றோர் ஏமாறலாம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இரவில் அரித்தால், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் தெரிந்தால், அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். எக்ஸிமாப் புண்ணில் மஞ்சள் பொருக்கோ நீர்க்கசிவோ காய்ச்சலோ கண்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

இரண்டு கிழமையில் விரிப்பில் இரத்தப் பொட்டுகள் நின்றன. விளையாட்டுப் போட்டிக் காலத்தில், வியர்வையால் கழுத்து மீண்டும் சிவந்தது. நல்லாகிவிட்டதென்று ஒயின்ட்மென்ட்டை நாங்களே விட்டிருந்தோம். மீண்டும் ஏழரைக் குளியலுக்குத் திரும்பினோம். இப்போது டப்பாவைத் தங்கையே எடுத்து வருகிறாள். முதுகுக்கு மட்டும் நான்.