டெங்கு பரவல்: 50 சதவீதமா, 75 சதவீதமா? ஒரே அணியிலிருந்து வரும் இரண்டு விடைகள்

புது தில்லி: இந்தியாவில் தயாரிக்கப்பட்ட டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்ட மருத்துவப் பரிசோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்டில் தொடங்கின. இத்தகைய தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரும்போது, மக்களில் எத்தனை பேருக்குச் செலுத்தினால் பரவல் அடங்கும் என்ற கேள்வி எழும். அதற்கு விடை காண உதவுவது ‘ஆர் நாட்’ எனப்படும் அடிப்படை இனப்பெருக்க எண். ஆனால் கொசு வழியாகப் பரவும் நோய்களில் அந்த எண்ணை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறிவிடுகிறது.

கொரோனா காலத்தில் பலரும் அறிந்த விளக்கம் எளிமையானது. நோய்க்கு எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே, தொற்றுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைப் பரப்புகிறாரோ அதுவே ஆர் நாட். அது ஒன்றைத் தாண்டினால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழ் இருந்தால் அடங்கும். எண் 2 எனில் மக்களில் பாதிப் பேர் பாதுகாப்புப் பெற்றாலே போதும்.

டெங்குவுக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்தாது. நோயாளி மற்றொரு மனிதருக்கு நேரடியாக நோயைக் கடத்துவதில்லை. அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கே வைரஸ் செல்கிறது. கொசுவிடமிருந்து மீண்டும் மனிதருக்கு வருகிறது. ஆக, தொற்றுறுவோர் இரு வகையினர். ‘ஒருவர் எத்தனை பேருக்கு’ என்ற கேள்விக்கு இங்கு ஒரே எண்ணை விடையாகத் தர இயலாது.

நான்கு கட்டங்கள் கொண்ட அணி

1990-இல் ஓடோ டீக்மன், ஹான்ஸ் ஹீஸ்டர்பீக், யோஹான் மெட்ஸ் ஆகியோர் இதற்குப் பொதுவான வரையறை ஒன்றை முன்வைத்தனர். எந்த வகையைச் சேர்ந்த ஒரு தொற்று, எந்த வகையில் சராசரியாக எத்தனை புதிய தொற்றுகளை உண்டாக்குகிறது என்பதை அட்டவணையாக எழுத வேண்டும். அதற்கு ‘அடுத்த தலைமுறை அணி’ என்று பெயர். அந்த அணியின் தலையாய ஐகன் மதிப்பே ஆர் நாட் என்றனர்.

விளக்கத்துக்காக இரு எண்களை எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல் கண்ட ஒருவர், நோய் கடத்தும் நாள்களில் சராசரியாக 8 கொசுக்களுக்கு வைரஸைத் தருகிறார். தொற்றுற்ற ஒரு கொசு, தன் எஞ்சிய வாழ்நாளில் சராசரியாக 0.5 மனிதருக்கு, அதாவது இரு கொசுக்கள் சேர்ந்து ஒருவருக்கு, நோயைத் தருகிறது. இரண்டாவது எண் இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கொசுவின் உடலுக்குள் சென்ற வைரஸ் முதிர்ந்து உமிழ்நீரை அடைய, வெப்பமான காலத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் இறந்துவிடுகின்றன.

முதல் நிரையும் முதல் நிரலும் மனிதருக்கு, இரண்டாவது நிரையும் நிரலும் கொசுவுக்கு என வைத்தால் அணி இவ்வாறு அமையும்:

```
K = | 0   0.5 |
    | 8   0   |
```

ஐகன் மதிப்பு என்பது என்ன? 100 மனிதர்களும் 400 கொசுக்களும் தொற்றுற்றிருப்பதாகக் கொள்வோம். அந்த 400 கொசுக்கள் அடுத்த தலைமுறையில் 200 மனிதர்களுக்கும், 100 மனிதர்கள் 800 கொசுக்களுக்கும் நோயைத் தருவர். இரு வகையும் சரியாக இரண்டு மடங்காகின்றன; ஒன்றுக்கு நான்கு என்ற விகிதம் மாறவில்லை. விகிதத்தை மாற்றாமல் அளவை மட்டும் பெருக்கும் அந்த எண், இங்கு 2, ஐகன் மதிப்பாகும். 8-ஐயும் 0.5-ஐயும் பெருக்கி வரும் 4-இன் வர்க்கமூலமும் இதுவே.

வர்க்கமூலம் தரும் குழப்பம்

இந்த 2 என்ற எண்ணைக் கண்டவுடன் ‘பாதிப் பேருக்குத் தடுப்பூசி போதும்’ என்று முடிவுசெய்வது தவறாகும். தொற்றை முழுமையாகத் தடுக்கும் ஊசியை மக்களில் பாதிப் பேருக்குச் செலுத்தியதாகக் கொள்வோம். கொசுக்களின் கடிகளில் பாதி, பாதுகாப்புப் பெற்றவர்கள் மீது விழுந்து வீணாகும். எனவே 0.5 என்பது 0.25 ஆகும். ஆனால் தொற்றுற்ற மனிதர் ஒவ்வொருவரும் முன்போலவே 8 கொசுக்களுக்கு வைரஸைத் தருவார். 100 நோயாளிகளிடமிருந்து 800 கொசுக்கள், அவற்றிலிருந்து 200 புதிய நோயாளிகள். பரவல் அடங்கவில்லை, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகிறது.

அணியின் ஒரு ‘தலைமுறை’ என்பது மனிதரிலிருந்து கொசு வரையிலான அல்லது கொசுவிலிருந்து மனிதர் வரையிலான பாதிச் சுற்று மட்டுமே என்பதுதான் காரணம். மனிதரிலிருந்து மனிதருக்கு என்ற முழுச் சுற்றுக்கு இரண்டு தலைமுறைகள் தேவை. அதன் பெருக்கம் 4. தடுப்பூசி மனிதர்களுக்கு மட்டும் செலுத்தப்படுவதால் இந்த 4-ஐக் கொண்டே கணக்கிட வேண்டும். தேவைப்படும் பாதுகாப்பு 75 சதவீதம். ஊசியின் செயல்திறன் 80 சதவீதம் மட்டுமே எனில், ஏறத்தாழ 94 சதவீதம் பேருக்குச் செலுத்த வேண்டியிருக்கும்.

ஒரு வகையினர் மீது மட்டும் செலுத்தப்படும் கட்டுப்பாட்டுக்கு உரிய இந்த எண்ணை ‘வகை இனப்பெருக்க எண்’ என்ற பெயரில் ராபர்ட்ஸும் ஹீஸ்டர்பீக்கும் 2003-இல் வரையறுத்தனர். ஆய்வுக் கட்டுரைகளில் ஆர் நாட் 2 என்றும் 4 என்றும் ஒரே நிலவரத்துக்கு இரு மதிப்புகள் தரப்பட்டால், பெரும்பாலும் வேறுபாடு இங்கேதான் இருக்கும். இரண்டும் ஒன்றைத் தாண்டுவதும் கீழிறங்குவதும் ஒரே வேளையில்தான் என்பதால், பரவல் பெருகுமா அடங்குமா என்பதில் அவை முரண்படுவதில்லை. எவ்வளவு முயற்சி தேவை என்பதில்தான் பிழை நேர்கிறது. எனவே சூத்திரத்தில் வர்க்கமூலம் உள்ளதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அப்படியானால் 2 என்ற எண் பயனற்றதா? இல்லை. கொசு விரட்டிகள், சன்னல் வலைகள், முழுக்கை ஆடைகள் ஆகியவற்றால் கடிகளே பாதியாகக் குறைவதாகக் கொள்வோம். வைரஸ் கொசுவுக்குச் செல்லவும் ஒரு கடி வேண்டும்; திரும்பி வரவும் ஒரு கடி வேண்டும். எனவே 8 என்பது 4 ஆகவும், 0.5 என்பது 0.25 ஆகவும் குறைகின்றன. பெருக்கற்பலன் ஒன்று, பரவல் அந்த எல்லையில் நின்றுவிடும். அணி முழுவதும் பாதியானதால் ஐகன் மதிப்பும் பாதியானது. இங்கு 50 சதவீதம் என்ற விடை சரியே. மாறாக, கொசுக்களின் எண்ணிக்கையை மட்டும் பாதியாக்கினால் 8 மட்டுமே 4 ஆகும். ஐகன் மதிப்பு 1.41-இல் நிற்கும்.

ஜிகாவும் மூலைவிட்டமும்

ஜெய்ப்பூரில் 2018-லும், கேரளத்திலும் கான்பூரிலும் 2021-லும் பதிவான ஜிகா, அதே ஏடிஸ் கொசுவால் பரவுவதுடன் பாலுறவு வழியாகவும் மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்லக்கூடியது. அப்போது அணியின் முதல் மூலையில் பூஜ்யம் இருக்காது. விளக்கத்துக்காக அங்கே 0.6 என்று இட்டால், வெறும் வர்க்கமூலம் போதாது. ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். தலையாய மதிப்பு சுமார் 2.32 என வரும். நேரடிப் பரவல் மட்டும் இருந்தால் 0.6 என்ற எண்ணுடன் நோய் தானே அணைந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. கொசுச் சுற்றுடன் சேரும்போது அதே சிறிய எண், தேவையான பாதுகாப்பை 75 சதவீதத்திலிருந்து சுமார் 78 சதவீதமாக உயர்த்துகிறது.

இந்தக் கணக்குகள் எல்லாம், எவருக்கும் முன் எதிர்ப்பாற்றல் இல்லாத தொடக்க நிலைக்கு உரியவை. நான்கு வகை டெங்கு வைரஸ்களும் சுற்றிவரும் இந்திய நகரங்களில் பலர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு வகையால் தாக்கப்பட்டவர்கள். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனி அணி தேவைப்படும்.

அணியில் உள்ள எண்களும் நிலையானவை அல்ல. வெப்பம் குறையும்போது கொசுவின் உடலில் வைரஸ் முதிர்வதற்குக் கூடுதல் நாள்கள் ஆகின்றன. முதிரும் வரை பிழைத்திருக்கும் கொசுக்கள் மேலும் குறைகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.5 என்பது 0.125-க்குக் கீழ் இறங்கினால், நோயாளி ஒருவர் 8 கொசுக்களுக்கு வைரஸைத் தந்தாலும் ஐகன் மதிப்பு ஒன்றுக்குக் கீழ் வந்துவிடும். மழைக்காலத்துக்குப் பின் உச்சம் தொடும் டெங்கு, தில்லியில் குளிர் தொடங்கியதும் தணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.