அடுக்குப் பிழை ஆற்றல்: செம்பும் அலுமினியமும்

செம்பும் அலுமினியமும் முகமையக் கனசதுரப் படிகங்களே. இரண்டிலும் நெருக்கமாய்ப் பொதிந்த அணுத்தளங்கள் ABCABC என அடுக்கப்பட்டுள்ளன. உலோகம் வளைகையில் இத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது இடப்பெயர்ச்சி எனப்படும் கோட்டுக் குறையால் நிகழ்கிறது. அதன் நகர்வு a/2[110]. B பள்ளத்து அணு அடுத்த B பள்ளத்திற்கு நேரே செல்வதாயின் கீழ்த்தள அணுக்களின்மேல் ஏறவேண்டும். இடையிலுள்ள C பள்ளத்தின் வழியே வளைந்து செல்வது எளிது. எனவே நகர்வு a/6<112> வகைப் படிகள் இரண்டாகப் பிரிகிறது. கோட்டின் ஆற்றல் நகர்வின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், a²/2 என்பது a²/3 ஆகக் குறைகிறது.

பிரிந்த இரு பகுதி இடப்பெயர்ச்சிகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆனால் அவற்றின் இடையே ABCACABC என்னும் பிழையான அடுக்கு எஞ்சுகிறது. அதன் ஓரலகுப் பரப்புக்குரிய மிகையாற்றலே அடுக்குப் பிழை ஆற்றல். இழுத்த சவ்வைப்போல் அது மாறாத விசையுடன் கோடுகளைச் சேர்த்திழுக்கும். விலக்கமோ தொலைவுடன் தளரும். இரண்டும் சமனாகும் இடைவெளி இவ்வாற்றலுக்கு எதிர்விகிதத்தில் அமையும். செம்பில் சதுரமீட்டருக்குச் சுமார் 45 மில்லிஜூல். இடைவெளி சில நானோமீட்டர். அலுமினியத்தில் ஆற்றல் ஏறத்தாழ மும்மடங்கு. இடைவெளி 1 நானோமீட்டருக்கும் குறைவு. அங்கு இரு கோடுகளின் உட்கருக்களே ஒன்றன்மேல் ஒன்று படிவதால், 'இடைவெளி' என்னும் சொல்லைக் கண்டிப்பாகக் கொள்ளலாகாது.

தடைப்பட்ட திருகு இடப்பெயர்ச்சி வேறு தளத்திற்குத் தாவுமுன் அதன் பகுதிகள் மீண்டும் இணையவேண்டும். அலுமினியத்தில் அது எளிது, செம்பில் கடினம். துத்தநாகம் சேர்ந்த பித்தளையில் பிழை ஆற்றல் மேலும் தாழ்வதால் இன்னும் கடினம். ஆகவே, உருத்திரிந்த பித்தளையை மின்னணு நுண்ணோக்கியில் காண்கையில் இடப்பெயர்ச்சிகள் தத்தம் தளங்களிலேயே வரிசையாய் நெருங்கி நிற்கின்றன. அலுமினியத்தில் அவை பின்னிச் சிற்றறைகளின் சுவர்களாகத் திரள்கின்றன.