நாம் எப்போது பேசினோம்?

ஹாலிஎலயில் இருந்தபோது எனக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு, ‘Re: நாம் பேசிய கட்டுரை’. உள்ளே, ‘வணக்கம் அக்கா, போன வாரம் பேசியதுபோல...’ என்று தொடங்கியது. ஒரு பயிற்சிநெறியைப் பற்றி எழுதவேண்டுமாம், இன்று மாலை 5 மணிக்குள் பதில் தரவேண்டுமாம். யாரிடம் வாக்குக் கொடுத்தேனோ என்று அரை மணித்தியாலம் பழைய கடிதங்களைக் கிளறினேன். அவருக்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே கடிதம், அதே ‘இன்று மாலை 5 மணி’யுடன் மறுபடி வந்தது.

Re: என்பதை மின்னஞ்சல் செயலி நாம் பதில் எழுதும்போது தானாகச் சேர்க்கிறது. கையால் தட்டச்சு செய்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். உண்மையான பதிலில் பொதுவாக In-Reply-To என்றொரு மறைவான வரியும் இருக்கும். எந்தக் கடிதத்துக்கான பதில் இது என்பதை அந்த வரி காட்டும். ஜிமெயிலில் Show original என்பதை அழுத்தினால் அதைப் பார்க்கலாம். சில செயலிகள் அதை விட்டுவிடுவதும் உண்டு, போலியாக எழுதவும் முடியும். ஆகவே, அனுப்பிய கடிதங்களில் அந்த முகவரியைத் தேடிப் பார்ப்பதே சுலபம்.

பொய்க் காலக்கெடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் ஓல்ட் நேவி ஆடை நிறுவனம், கழிவு விற்பனை இன்றோடு முடிகிறது என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டு, பிறகும் அதைத் தொடர்ந்தது என்பது வாடிக்கையாளர்களின் முறைப்பாடு. 2025 ஏப்ரலில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு விளக்கம் சொன்னது: வர்த்தக மின்னஞ்சலின் தலைப்பில் எந்தப் பொய்த் தகவலும் இருக்கக்கூடாது. அப்போது ஒரு கடிதத்துக்கு 500 டொலர் இழப்பீடு கோர முடிந்தது. ‘ஆண்டின் மிகச் சிறந்த விலை’ என்று பீற்றிக்கொள்வது வேறு. அதை யாரும் சரிபார்க்க முடியாது. ‘இன்றே கடைசி’ என்பதைச் சரிபார்க்கலாம்.

காலக்கெடுவை நீடிப்பதே பொய் என்று சொல்லவரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பதுளை மாவட்டத்துக்கு விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையிலும் முடிவு நேரம் இருக்கும். மழை விடாவிட்டால் அதையும் நீடிப்பார்கள். அங்கே நேரத்தை முடிவு செய்வது மழை. எனக்கு வந்த ‘மாலை 5 மணி’க்குப் பின்னால் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கடிதங்களுக்குப் பிறகு Re: என்று கண்டாலே தள்ளிவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அப்படித் தள்ளியவற்றில் ஒன்று, நான் சம்பளச் சீட்டு பற்றிக் கேட்டிருந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியது. ‘அம்மா சனிக்கிழமை மட்டும்தான் லயனில் இருப்பார், வாருங்கள் அக்கா’ என்று இருந்தது. நான் திறந்தபோது செவ்வாய்க்கிழமை.