வாசிப்புக் காதலை எப்படி நிரூபிப்பது?

பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு, 2007-ல் ஏறத்தாழ 50,000 மாணவர்களின் ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’டுகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. அவர்களில் 234 பேருக்கு எட்டு வயதில் ஒரே விபத்து நேர்ந்திருந்தது. வேதியியல் விளையாட்டுப் பெட்டியோடு விளையாடியபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்தே அறிவியலில் ஆர்வமாம். இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

இலக்கியம் படிக்க உதவித்தொகை கேட்கிறவர்களுக்கும் இப்படி ஒரு பைஜாமா உண்டு. பாட்டி சொன்ன கதை, போர்வைக்குள் டார்ச் வெளிச்சம், சுண்டல் மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படித்த பழக்கம். இவை காப்பியடித்தவை அல்ல, பலருக்கும் உண்மையிலேயே நடந்தவை. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. தேர்வுக்குழுவில் இருக்கும் பேராசிரியரின் மேசையில் உள்ள விண்ணப்பங்கள் எல்லாமே புத்தகப் பிரியர்களுடையவை. அவர்களில் ஒருவரைத் தனியாகப் பிரித்துக்காட்ட பாட்டியால் முடியாது.

எஸ்.ஓ.பி. என்று நம் மாணவர்கள் சொல்லும் இந்தக் கட்டுரைக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்கள்தான் இடம். யூகாஸிலோ இடைவெளிகளையும் சேர்த்து மொத்தமே 4,000 எழுத்துக்குறிகள். இந்தச் சிறிய இடத்துக்குள் ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பது தெரிந்தாக வேண்டும். எவ்வளவு படித்தார் என்பது இரண்டாம் பட்சம். நேசத்தைச் சரிபார்க்கக் குழுவிடம் கருவி ஏதும் கிடையாது. ஒரு பிரதியில் ஒருவர் எதைக் கவனித்தார், அதைக் கொண்டு என்ன கேள்வி கேட்டார் என்பதைச் சரிபார்க்க முடியும். அவர்களுடைய தொழிலே அதுதான்.

ஓர் உதாரணத்துக்கு, திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து, வெளிநாட்டில் எம்.ஏ. படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருத்தியை வைத்துக்கொள்வோம். 500 சொற்களுக்குள் எழுத வேண்டும். முதல் வரைவில் அவள் தன் குழந்தைப் பருவ வாசிப்புக்கே 200 சொற்களைக் கொடுத்துவிடுகிறாள். அடுத்து ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ், ஜேன் ஆஸ்டின், டோனி மாரிசன் என்று பெயர்கள் அணிவகுக்கின்றன. ஒவ்வொருவரும் அவளை ‘ஆழமாகப் பாதித்திருக்கிறார்கள்’. இலக்கியம் மனிதனைப் பண்படுத்துகிறது என்று கட்டுரை முடிகிறது. பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த வாக்கியத்தைப் பிடித்தும் அடுத்த கேள்வி ஒன்றைக் கேட்க முடியாது. பலவீனமான வரைவை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான். நேர்காணல் உள்ள இடங்களில் கட்டுரையிலிருந்தே கேள்வி கேட்பது சகஜம் என்பதால் இந்தச் சோதனைக்கு நடைமுறைப் பயனும் உண்டு.

அவள் உண்மையில் படித்துக் குழம்பிய விஷயம் வேறு. ஜீன் ரீஸ் எழுதி 1966-ல் வெளியான ‘வைட் சர்காஸோ ஸீ’ பாடத்தில் வந்தது. சார்லட் ப்ராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலில் மாடி அறையில் அடைபட்டு, தன் கதையைச் சொல்ல வாய்ப்பே பெறாத முதல் மனைவி பெர்த்தாவுக்கு ரீஸ் ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார். அதை வாசித்தபோது மாணவிக்கு, முன்பே படித்திருந்த புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ நினைவுக்கு வந்தது. 1943-ல் வெளியான அந்தக் கதையில், கல்லிலிருந்து மீண்ட அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் செய்ததைக் கேள்விப்படுகிறாள். முடிவில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இரண்டுமே மூலக்கதையில் அநீதிக்கு ஆளான பெண்ணின் பக்கம் நின்று திருப்பிச் சொல்பவை.

இந்த அளவோடு நிறுத்தினால் அது வகுப்பறைக் குறிப்பு. அவள் கவனித்தது இதற்கு அடுத்தபடி. ரீஸ் தன் நாயகி அந்துவானெத்துக்கு ‘நான்’ என்று பேசும் உரிமையைக் கொடுக்கிறார். ஆனாலும் நாவலின் நடுப்பகுதியில் பெரும்பங்கைச் சொல்பவன் அவளுடைய கணவன். அவனுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. அவளுக்கோ பெர்த்தா என்று புதுப்பெயர் சூட்டுவது அவன்தான். புதுமைப்பித்தன் அகலிகைக்கு ‘நான்’ கொடுக்கவில்லை. கதை படர்க்கையிலேயே நடக்கிறது, கௌதமனின் மனதுக்குள்ளும் போய்வருகிறது. அகலிகையின் இறுதிப் பதில் சொல்லாக வராமல் கல்லாக வருகிறது. அப்படியானால் ஒரு பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதும் அவளுக்கு நியாயம் செய்வதும் ஒன்றுதானா? திருப்பிச் சொல்லப்படும் கதையில் பேசாமல் இருப்பதும் ஒரு வாதமாக முடியுமா?

கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. இரண்டாம் வரைவு இங்கிருந்தே தொடங்க வேண்டும். 500 சொற்களில் 200-க்கு மேல் இந்த ஒப்பீட்டுக்குப் போகட்டும். பாட்டிக்கு இடம் வேண்டுமென்றால் ஒரு வரி போதும், அதுவும் கேள்வியோடு சம்பந்தம் இருந்தால். அகலிகை கதையை முதலில் பாட்டி சொல்லித்தான் கேட்டாள், அதில் அகலிகை முடிவில் மகிழ்ச்சியாக இருந்தாள் என்றால் அந்த வரி சோறு போடும். இல்லையென்றால் எடுத்துவிடலாம்.

முதல் வரைவில் புதுமைப்பித்தன் ஏன் இல்லை? வெளிநாட்டுப் பேராசிரியருக்குத் தெரியாதே என்ற தயக்கம்தான். நம் மாணவர்கள் தங்கள் தமிழ் வாசிப்பை ஒளித்துவைத்து, அரைகுறையாகப் படித்த ஆங்கிலப் பெயர்களை முன்னால் நிறுத்துவது எனக்கு எப்போதும் விளங்காத சிக்கனம். ‘இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர்’ என்று ஒரு சிறு அறிமுகம் போதும். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் அவர் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார் என்பதையும் சேர்த்தால், விரும்புகிறவர்கள் தேடிப் படித்துக்கொள்வார்கள். மூலத்தைத் தமிழிலேயே படித்தவள் என்பது இந்த ஒப்பீட்டில் அவளிடம் உள்ள தனிச் சொத்து.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு படைப்புகள் ஒத்துப்போகின்றன என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதாகத் தொனிக்கும்படி எழுதிவிடக் கூடாது. கோட்பாட்டு நூல்களின் பெயர்களைத் தூவும் ஆசையும் இந்த இடத்தில்தான் வரும். காயத்ரி ஸ்பிவாக் ரீஸின் நாவலைப் பற்றி எழுதியிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைப் படித்து, அதில் ஓரிடத்தோடு உடன்படவோ முரண்படவோ முடிந்தால் சொல்லலாம். பெயர் மட்டும் தெரியும் என்றால் வேண்டாம். நேர்காணலில் முதலில் வந்து விழும் கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

மீதமுள்ள சொற்களில் பெரும்பங்கு உதவித்தொகைக்கு உரியது. சேர்க்கைக்கான கட்டுரை இந்தப் பாடம் ஏன் என்று சொன்னால் போதும். உதவித்தொகைக் கட்டுரையோ இந்தப் பணத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்ப வருமானத்தைப் படிவத்தில் தனியாகக் கேட்டிருந்தால் கட்டுரையிலும் அதை விவரிப்பது இடத்தை வீணாக்குவது. அந்தத் துறையில் மறுகூறல் பற்றியோ கரீபிய இலக்கியம் பற்றியோ எந்தத் தாள் நடத்தப்படுகிறது, தன் கேள்வியை ஆய்வேடாக வளர்க்க அது எப்படி உதவும், படித்து முடித்தபின் அதைக் கொண்டு எங்கே என்ன செய்வாள் என்பதை எழுதலாம். அந்தத் தாள் இந்த ஆண்டும் நடக்கிறதா என்று துறையின் பட்டியலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் விடுப்பில் போனால் தாளும் நின்றுபோவது உண்டு.

இவ்வளவு செய்தாலும் மதிப்பெண்ணில் உள்ள பள்ளத்தைக் கட்டுரை நிரப்பாது. பரிந்துரைக் கடிதமும் எழுத்து மாதிரியும் கூடவே எடைபோடப்படும். அதனால் கடிதம் எழுதப்போகும் ஆசிரியரிடம் இரண்டாம் வரைவைக் கெடுவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ‘சுறுசுறுப்பானவர், ஒழுக்கமானவர்’ என்று எழுதவிருந்தவர், ரீஸ் பாடம் நடந்த அன்று வகுப்பு முடிந்த பிறகும் அவள் அகலிகையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றதை எழுதக்கூடும்.