குழாய்க்கு வெளியே ஒரு சென்டிமீட்டர்

பள்ளி ஆய்வகத்துப் பெட்டியில் எண் தேய்ந்துபோன இசைக்கவை ஒன்று கிடந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 512 ஹெர்ட்ஸ் என்று பொறித்த இன்னொரு கவை இருந்தால், தேய்ந்ததன் அதிர்வெண்ணைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டையும் ரப்பர் திண்டில் தட்டி, காம்புகளை மேசைமேல் ஊன்றினால் ஒலி சீராக வராது. ஏறி ஏறி இறங்கும். பாடப்புத்தகம் இதை விம்மல் என்கிறது. ஒரு கவை நொடிக்கு 512 முறையும் மற்றது 516 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். சேர்ந்து தொடங்கினால், கால் நொடியில் ஒன்று 128 அதிர்வும் மற்றது 129 அதிர்வும் முடித்து மறுபடி ஒன்றுசேரும், ஒலி உரக்கும். அதற்கு நடுவில், அரைக்கால் நொடியில், ஒன்று 64, மற்றது 64½. அப்போது ஒன்று காற்றை அழுத்த, மற்றது தளர்த்துகிறது, ஒலி அடங்குகிறது. ஆக, நொடிக்கு 4 விம்மல். 10 நொடி எண்ணி வகுத்தால் கணக்கு இன்னும் நம்பகமாக இருக்கும்.

ஆனால் 4 விம்மல் என்றால் தேய்ந்த கவை 516 ஆகவும் இருக்கலாம், 508 ஆகவும் இருக்கலாம். அதன் நுனியில் துளி மெழுகு ஒட்டுங்கள். அதிர்வெண் சற்றுக் குறையும். விம்மல் குறைந்தால் அது 516, கூடினால் 508. மெழுகைத் தாராளமாக அப்பினால் ஆபத்து: 516 ஒரேயடியாக 506-க்கு இறங்கி, விம்மல் 6 ஆகி, 508 என்று ஏமாற்றிவிடும்.

தெரிந்த கவை ஒன்றுகூட இல்லாவிட்டால்? ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகரத்துப் பட்டு ஆலை முதலாளி யோஹான் ஹைன்ரிச் ஷைப்லர் இதற்கு விடை கண்டார். 56 கவைகளை, அடுத்தடுத்தவை நொடிக்கு 4 விம்மல் தரும்படி வரிசையாக அமைத்தார். கடைசிக் கவை முதல் கவைக்குச் சரியாக மேல் ஸ்தாயி. இடைவெளிகள் 55, மொத்த வேறுபாடு 220. மேல் ஸ்தாயி என்றால் இரு மடங்கு. ஆகவே முதல் கவையே 220 ஹெர்ட்ஸ், கடைசி 440. விம்மலை எண்ணியே இதைச் சாதித்த அவர், 1834-இல் ஸ்டுட்கார்ட் கூட்டத்தில் 440-ஐ இசைக்கான அளவாக முன்மொழிந்தார்.

அதிர்வெண் தெரிந்த கவை கையில் இருந்தால் ஒலியின் வேகத்தை அளக்கலாம். அதற்குத்தான் காற்றுத்தம்பம். உயரமான நீர்ச் சாடியில் ஒரு குழாயை அமிழ்த்தி, அதிரும் 512 கவையை வாய்க்கு மேல், விளிம்பைத் தொடாமல் பிடித்து, குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். ஓரிடத்தில் குழாய் திடீரென முழங்கும். நீர்ப்பரப்பில் காற்று அசைய முடியாது, வாயில் தாராளமாக அசையும். எனவே அந்தக் காற்றுத்தம்பம் அலைநீளத்தில் கால் பங்கு. 3 செ.மீ. விட்டமுள்ள குழாயில், 30 டிகிரி வெப்பமுள்ள அறையில், இந்த நீளம் சுமார் 16.2 செ.மீ. வரும்.

நான்கால் பெருக்கினால் அலைநீளம் 64.8 செ.மீ.; அதை 512-ஆல் பெருக்கினால் வேகம் நொடிக்கு 332 மீட்டர். 331 என்று புத்தகத்தில் படித்த மாணவர் மகிழ்ந்துவிடுவார். இந்தச் சோதனையின் பொல்லாத கண்ணி இதுதான். புத்தகத்து 331 சுழியம் டிகிரிக்கு உரியது. 30 டிகிரியில் 349 வர வேண்டும். பிழையான விடை, சரியான விடையின் முகத்தோடு வந்து நிற்கிறது.

குறைந்த 17 மீட்டருக்குக் காரணம் குழாயின் வாய்க்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள காற்றும் சிறிது தூரத்துக்குச் சேர்ந்தே அதிர்கிறது. ஒலியைப் பொறுத்தவரை குழாய், அதன் ஆரத்தில் சுமார் 0.6 பங்கு கூடுதல் நீளம். நம் குழாய்க்கு 0.9 செ.மீ. இதுவே முனைத்திருத்தம். இதை அறியாமலேயே தப்பிக்கவும் வழியுண்டு. குழாயை மேலும் உயர்த்தினால் 50.3 செ.மீ.யில், அதாவது முக்கால் அலைநீளத்தில், மறுபடி முழங்கும். இரண்டு நீளங்களிலும் அதே முனைத்திருத்தம் ஒளிந்திருப்பதால் கழித்தால் மறைந்துவிடும். மிச்சம் 34.1 செ.மீ., அரை அலைநீளம். வேகம் 349 மீட்டர்.

இருபுறமும் திறந்த குழாய்க்கு இந்தத் திருத்தம் இருமுறை. 512-க்கு முழங்கும் திறந்த குழாய் அரை அலைநீளமான 34.1 செ.மீ. அல்ல, 32.3 தான். அதன் ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்தால் சுருதி சரிபாதியாக, 256-க்கு இறங்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அடைத்த வாயில் திருத்தம் போய்விடுவதால் உண்மையில் 263 அளவில் நிற்கும். குழாய் குட்டையாகவும் பருமனாகவும் இருந்தால் இந்த விலகல் இன்னும் கூடும்.

தேய்ந்த கவையைக் குழாயை வைத்தே கண்டுபிடிக்கலாமே என்றால், முதல் முழக்கத்தில் 512-க்கும் 516-க்கும் நீள வேறுபாடு 1.3 மில்லிமீட்டர் மட்டுமே. முழக்கம் எங்கே உச்சம் என்று அவ்வளவு நுட்பமாகக் காது சொல்லாது. அங்கே விம்மலே மேல். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோடைக்காலத்துச் செய்முறை ஏட்டில் 332 என்று விடை இருந்தால், மதிப்பெண் போடுமுன் இரண்டாம் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள்.